மருந்துக்கு இணங்காத மனச்சோர்வு: ஈசிடியைக் கடைசிப் படியாக்காதீர்கள்

இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், ஒவ்வொன்றையும் ஆறு வாரமாவது கொடுத்தும் குணம் தெரியாவிட்டால்தான் ஒரு மனச்சோர்வை மருந்துக்கு இணங்காதது என்று எழுத வேண்டும். அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதை நோயாளியின் நிலையே தீர்மானிக்கட்டும். மருந்துகள் எல்லாம் தீரும்வரை ஈசிடியைத் தள்ளிவைக்கும் வழக்கத்தை எங்கள் சங்கம் ஏற்கவில்லை. முதுநிலைப் பயிற்சி மனநல மருத்துவர்களுக்காக இதை வெளியிடுகிறோம்.

ஐம்பத்தைந்து வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய சீட்டில் ‘இரண்டு மருந்துக்கும் பலனில்லை’ என்று இருக்கிறது. விசாரித்தால், செர்ட்ராலின் 50 மி.கி.யிலேயே நின்றிருக்கிறது, அதையும் பாதி நாள் விழுங்கவில்லை. மிர்டசபைனைப் பத்தே நாளில் நிறுத்திவிட்டார்கள். இவருக்கு இன்னும் ஒரு மருந்துகூட முறையாகக் கொடுக்கப்படவில்லை. தைராய்டைப் பாருங்கள். தூங்காமலே உற்சாகமாகத் திரிந்த காலம் எப்போதாவது உண்டா என்று வீட்டாரிடம் கேளுங்கள். நோயாளி அதை நோயாகச் சொல்லமாட்டார். பிறகு செர்ட்ராலினைப் படிப்படியாக 150 மி.கி.க்கு ஏற்றுங்கள்.

ஆறு வாரத்தில் பாதிக் குணம் தெரிந்தால், செர்ட்ராலினை மாற்றாமல் துணைமருந்து சேர்ப்பதே சரி. லித்தியம் நல்ல தேர்வுதான். ஆனால் இவர் இரத்த அழுத்தத்துக்குத் தயசைடும், மூட்டுவலிக்கு ஐபுப்ரோஃபெனும் சாப்பிடுகிறார். இரண்டுமே இரத்தத்தில் லித்தியத்தை ஏற்றிவிடும். அதனால் அரிபிப்ரசோல் 2 மி.கி.யில் தொடங்கலாம். ஒரு வாரத்தில் அவர் உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருந்தால், அதைப் பதற்றம் முற்றியதாக நினைத்து அளவை ஏற்றாதீர்கள். அது பெரும்பாலும் அந்த மருந்து தரும் அகதீசியா. அளவைக் குறைக்க வேண்டும்.

துணைமருந்தும் பலிக்காவிட்டால் கெட்டமைனும் காந்தத் தூண்டலும் உண்டு. கெட்டமைன் கிலோவுக்கு 0.5 மி.கி. வீதம் 40 நிமிடத்தில் நரம்புவழி ஏற்றப்படுகிறது. ஒரே நாளில் பலன் தெரியலாம். ஆனால் ஒரு தடவை ஏற்றியதன் பலன் ஓரிரு வாரத்துக்குள் வடிந்துவிடும். பிரமை இல்லாத, பெரும்பாலும் வெளிநோயாளிகளிடம் 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வில் அது ஈசிடிக்குக் குறைந்ததாக இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான சுவீடன் ஆய்வில், உள்நோயாளிகளிடம் ஈசிடியே முந்தியது. முதல் ஆய்வை மட்டும் படித்துவிட்டு வார்டு நோயாளிக்குக் கெட்டமைன் எழுதுவது தவறு. காந்தத் தூண்டலுக்கு மயக்கமருந்து தேவையில்லை. ஆனால் வாரம் ஐந்து நாள் வீதம் நான்கு முதல் ஆறு வாரம் வரவேண்டும். அவ்வளவு காலம் காத்திருக்கக்கூடியவருக்கே அது பொருந்தும்.

இதே பெண் ‘என் குடல் அழுகிப்போச்சு’ என்று சொல்லிச் சோற்றைத் தொடாமல் கிடந்தால், இந்தப் படிகள் எதுவும் வேண்டாம். அன்றே ஈசிடிக்கு ஏற்பாடு செய்யுங்கள். தசைத்தளர்த்தியும் மயக்கமருந்தும் இல்லாமல் கொடுப்பதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. நினைவு மறதி வரக்கூடும் என்பதை ஒப்புதல் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

ஈசிடியில் தேறியவர்களுக்கு அதற்குப் பின் மருந்தே தராதபோது, ஆறு மாதத்தில் நூற்றுக்கு 84 பேருக்கு நோய் திரும்பியதாக 2001இல் ஓர் ஆய்வு காட்டியது. நார்ட்ரிப்டிலினும் லித்தியமும் பெற்றவர்களில் அது 39. ஆகவே கடைசி ஈசிடிக்குப் பின் எந்த மருந்து என்பதை முதல் ஈசிடிக்கு முன்பே முடிவு செய்யுங்கள். லித்தியம்தான் என்றால், இவருடைய தயசைடையும் ஐபுப்ரோஃபெனையும் மாற்றும்படி பொது மருத்துவருக்கு அப்போதே எழுதிவிட வேண்டும்.