மாறும் எண், மாறாத கண்காணிப்பு

கொரோனா பரவலைக் காரணம் காட்டி மோடி அரசு 2020 ஏப்ரலில் ‘ஆரோக்கிய சேது’ செயலியை வெளியிட்டது. மே 1 அன்று, அரசு ஊழியர், தனியார் ஊழியர் அனைவருக்கும் அதைக் கட்டாயமாக்கி உள்துறை அமைச்சகம் ஆணையிட்டது. எதிர்ப்பு வலுத்ததும், மே 17 அன்று அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தியது. இச்செயலி பயனர் ஒவ்வொருவருக்கும் நிலையான ஓர் அடையாள எண்ணைக் கொடுத்தது. அந்த எண்ணுக்குரிய பெயரும் கைப்பேசி எண்ணும் அரசின் சர்வரில் இருந்தன.

இதற்கு மாற்றாக, கூகுளும் ஆப்பிளும் உருவாக்கிய முறை முன்வைக்கப்பட்டது. இதில் கைப்பேசி ப்ளூடூத் வழியே அனுப்பும் எண் சுமார் 10 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். எண்ணோடு பெயர் செல்லாது. எனவே அந்தரங்கம் பத்திரமாக இருக்கிறது என்றனர். இது பாதி உண்மையே.

மாறும் எண்கள் அனைத்தும், கைப்பேசி தினமும் தானே உருவாக்கும் ஒரு ரகசியச் சாவியிலிருந்து பிறப்பவை. ஒரு நாளின் சாவியிலிருந்து 144 எண்கள் கிடைக்கும். சாவி வெளியே போகாதவரை அவற்றை ஒன்றோடொன்று இணைக்க முடியாது. ஆனால் ஒருவருக்குத் தொற்று உறுதியாகி, அவர் ஒப்புதல் அளித்தால், அந்நாட்களின் சாவிகள் சர்வரில் வெளியிடப்படும். மற்றவர்களின் கைப்பேசிகள் தம்மிடம் பதிவான எண்களோடு அவற்றை ஒப்பிட்டு எச்சரிப்பதே இம்முறையின் அடிப்படை. ஓட்டை இருப்பதும் இங்கேதான்.

தமிழகமும் கேரளமும் தொட்டுக்கொள்ளும் பனச்சமூட்டை எடுத்துக்கொள்வோம். எல்லை தாண்டி வேலைக்குச் செல்லும் ஒரு கட்டுமானத் தொழிலாளி, காலை 7 மணிக்குக் கேமரா உள்ள சோதனைச் சாவடியைக் கடக்கிறார். 8 மணிக்கு வேலைத்தலத்தின் வாயிலிலும், மாலை 6 மணிக்குச் சங்க அலுவலகத்தின் அருகிலும் இருக்கிறார். மூன்று இடத்திலும் யாரோ ப்ளூடூத் அலைவாங்கியை வைத்து எண்களைச் சேமிக்கிறார்கள் என்று கொள்வோம். அன்று பதிவான மூன்று எண்களும் வெவ்வேறானவை. யாருடையவை என்று தெரியாது. பின்னர் அவருக்குத் தொற்று உறுதியாகிச் சாவி வெளியாகிறது. 144 எண்களையும் கணக்கிட்டால் மூன்றும் ஒரே கைப்பேசிக்குரியவை எனத் தெரிந்துவிடும். சாவடிக் கேமரா முகத்தைக் காட்டிக்கொடுக்கும். நோயாளி யார் என்பதோடு, அவர் சங்கத்திற்குச் சென்றதும் அம்பலமாகும்.

சாவி வெளியாகாதவர்களை இந்த வழியில் பின்தொடர முடியாது என்பது மெய்யே. ஆனால் தண்டனை, நோயை நேர்மையாக அறிவித்தவர் மீதல்லவா விழுகிறது? வேலை பறிபோகும் என்று அஞ்சுபவர் சாவியைக் கொடுக்கமாட்டார். தொற்றைத் தடுக்கும் நோக்கமே தோற்கும்.

ஆகவே கணிதத்தை மட்டும் நம்பச் சொல்வது ஏமாற்று. சந்தையிலும் சாவடியிலும் வேலைத்தலத்திலும் இவ்வெண்களைப் பதிந்து வைப்பதைச் சட்டம் தடை செய்ய வேண்டும். செயலி இல்லை என்பதற்காக வேலையோ எல்லைப் பயணமோ மறுக்கப்படக் கூடாது. தொற்று உறுதியானவருக்குக் கூலியோடு விடுப்பு உறுதியாக வேண்டும். இவை இல்லாத செயலி, எண்ணை எத்தனை முறை மாற்றினாலும், தொழிலாளியை முதலாளிக்குக் காட்டிக்கொடுக்கும் கருவியாகவே முடியும்.