டிப்ஸைச் சம்பளமாகக் கணக்கிடுவதை நிறுத்தக் கோரும் மனு

அனுப்புநர்: செயலாளர், ஓட்டல் மற்றும் உணவக ஊழியர் சங்கம்
பெறுநர்: ஆணையர், டி.டி.எஸ். பிரிவு, வருமான வரித் துறை
நகல்: ஈ.எஸ்.ஐ. மண்டல இயக்குநர்

ஐயா,

ஓட்டல்களில் பரிமாறுவோர், அறைப் பணியாளர்கள் சார்பில் இம்மனு அளிக்கப்படுகிறது. இதே பொருளில் நாங்கள் முன்பு அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் வராததால், அவற்றில் எழுதியதை மீண்டும் எழுத வேண்டியிருக்கிறது.

ஐ.டி.சி. நிறுவனம் தொடர்ந்த வழக்கில் 2016 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்படி, வாடிக்கையாளர் கார்டு மூலம் மனமுவந்து தரும் டிப்ஸ் ஓட்டலின் கைக்கு வந்து ஊழியருக்குப் போனாலும் அது சம்பளம் ஆகாது. ஓட்டல் அப்பணத்தை ஊழியருக்காக வைத்திருக்கும் பொறுப்பாளர் மட்டுமே. எனவே 192-ஆவது பிரிவின்கீழ் அதில் டி.டி.எஸ். பிடிக்க வேண்டியதில்லை. ஊழியர் கணக்கில் அது 'பிற வகை வருமானம்'. அதற்குரிய வரியை நாங்கள் கட்டுகிறோம், விலக்கு கேட்கவில்லை.

ஆனால் டி.டி.எஸ். பிடிக்காவிட்டால் துறை பின்னால் கேட்கும் என்று சொல்லி, சில ஓட்டல்கள் டிப்ஸைச் சம்பளச் சீட்டிலும் படிவம் 16-இலும் சேர்க்கின்றன. இதில் ஊழியருக்கு நேரும் இழப்பு வரியோடு நிற்பதில்லை. மாதம் 20,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு 3,500 ரூபாய் டிப்ஸ் வருகிறது என்று கொள்வோம். இரண்டையும் கூட்டி 23,500 என்று எழுதினால் ஈ.எஸ்.ஐ. வரம்பான 21,000-ஐ அவர் தாண்டிவிடுகிறார். அந்தப் பங்களிப்புக் காலம் முடியும்வரை பங்களிப்பும், அதற்குரிய பலன் காலம் முடியும்வரை காப்பும் தொடரும். அதற்குப் பின் அவரும் குடும்பமும் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போக முடியாது. அவர் செலுத்திவந்தது 0.75 சதவீதம், அதாவது 150 ரூபாய். முதலாளியின் பங்கு 3.25 சதவீதம், அதாவது 650 ரூபாய். அந்த 650 ரூபாய் மாதந்தோறும் முதலாளிக்கு மிச்சமாகிறது. டிப்ஸ் குறைந்த மாதத்திலும் ஊழியரின் மருத்துவச் செலவு குறைவதில்லை. ஓட்டல் வசூலிக்கும் சேவைக் கட்டணம்கூட ஈ.எஸ்.ஐ. சட்டப்படியான ஊதியம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் சொல்லியிருக்கும்போது, வாடிக்கையாளர் தாமாகத் தரும் டிப்ஸை ஊதியத்தில் சேர்க்க என்ன நியாயம்?

ஆகவே, மேற்படி தீர்ப்பைச் சுட்டி, டிப்ஸைச் சம்பளத் தலைப்பில் காட்டக் கூடாது என்று ஓட்டல்களுக்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். முன்பு அவ்வாறு காட்டிய படிவம் 16-ஐத் திருத்தித் தரவும் உத்தரவிட வேண்டும். இதுவே எங்கள் முதன்மைக் கோரிக்கை.

மேலும், பில்லில் கட்டாயமாகச் சேர்க்கப்படும் சேவைக் கட்டணம் அத்தீர்ப்பில் அடங்குமா என்பதைத் தனியே தெளிவுபடுத்துமாறும், டிப்ஸ் பங்கீட்டுப் பதிவேட்டை ஊழியர் பார்வைக்கு வைக்கச் செய்யுமாறும், கணக்குத் தாக்கலுக்குத் தமிழில் வழிகாட்டிக் குறிப்பு வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்த பங்களிப்புக் காலம் தொடங்கும் முன் எழுத்து மூலம் பதில் தருமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்