பெயர் புசல்லாவையில், பிள்ளை கண்டியில்

 

போன வாரம் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் சுற்றியது. "வீடு மாறினால் முகவரி மாற்ற வேண்டிய இடங்கள்" என்று தலைப்பு. கேஸ் கனெக்ஷன், ரேஷன் கார்டு, ஆதார், பேன் கார்டு. தமிழ்நாட்டில் யாரோ தங்கள் ஆட்களுக்கு எழுதியது. அங்கே அது சரியான பட்டியல்தான். இங்கே நாற்பது பேர் "ஜஸாக்கல்லாஹ்" போட்டு அடுத்த குழுவுக்கு அனுப்பினார்கள். அதில் ஒன்றுகூட எங்கள் நாட்டில் கிடையாது. எங்கள் கேஸ் சிலிண்டருக்கு முகவரியே இல்லை. வெற்றுச் சிலிண்டரைக் கொண்டுபோய் எந்தக் கடையில் கொடுத்தாலும் நிரப்பியது தருவார்கள். 2022இல் வரிசையில் நின்ற காலத்தில் மின்பட்டியலைக் கேட்டார்கள் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

எங்கள் பிள்ளைகளின் தலையெழுத்தையே மாற்றுகிற பதிவு ஒன்று இருக்கிறது. அது அந்தப் பட்டியலில் இல்லை, எங்கள் ஆட்களின் மனதிலும் இல்லை. அதுதான் வாக்காளர் இடாப்பு. "அது ஓட்டுப் போடத்தானே சேர்" என்று சொல்வார்கள். ஓட்டுக்கு மட்டுமல்ல. நீங்கள் எந்த வீட்டில் குடியிருக்கிறீர்கள் என்பதற்கு இந்த நாட்டில் ஆண்டுதோறும் எழுதப்படும் அரச சாட்சி அதுதான். தரம் 1 அனுமதியில் முதலில் புரட்டுவது அந்தச் சாட்சியைத்தான்.

புசல்லாவையிலிருந்து கண்டிக்கும் கட்டுகஸ்தோட்டைக்கும் அக்குறணைக்கும் குடிபோகிறவர்களை நாங்கள் வருடா வருடம் பார்க்கிறோம். கடை மாறுகிறது, தொழில் மாறுகிறது, பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம் வேண்டும். போன மாதமே புதிய ஊர்ப் பள்ளிவாசலில் சந்தாப் பெயர் கொடுத்துவிடுவார்கள். இடாப்பில் மட்டும் பெயர் ஐந்து வருடமானாலும் புசல்லாவையிலேயே கிடக்கும்.

எங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். 2020 டிசம்பரில் பஜாரில் இருந்த கடையை மூடிவிட்டுக் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு மேல்மாடி வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். கையில் மூன்று மாதக் குழந்தை. அந்தப் பிள்ளை 2026 ஜனவரி 31இல் ஐந்து வயது நிறைந்தவளாக இருப்பாள். ஆகவே 2026இல் தரம் 1. விண்ணப்பம் 2025இல். கேட்கப்படும் ஐந்து இடாப்புகள் 2020 முதல் 2024 வரை.

2020 போனது போனதுதான், அப்போது அவர்கள் இங்கேதான் இருந்தார்கள். மீதி நான்கும் கைக்குள் இருந்தவை. 2021இல் கிராம உத்தியோகத்தர் கொண்டுவந்த பீ.சீ படிவத்தை வீட்டுக்காரர் வாங்கித் தன் குடும்பத்தின் பெயர்களை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார். 2022இலும் அதே கதை. வாடகைக்காரனின் பெயர் இடாப்பில் ஏறினால் பிறகு எழுப்ப முடியாது என்ற பயம். அந்தப் பயத்துக்கு 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்திலிருந்து வந்த பழைய வேர் உண்டு. ஆனால் இடாப்பில் பெயர் இருப்பது வீட்டின் மேல் உரிமை தருவதில்லை. சட்டம் பார்ப்பது சாதாரண வதிவிடத்தை, உறுதிப்பத்திரத்தை அல்ல. வீட்டுக்காரர் எழுத மறுத்தாலும் நீங்கள் நேரே கிராம உத்தியோகத்தரிடம் போய் "நாங்கள் இந்த வீட்டில் குடியிருக்கிறோம், எங்கள் பெயரைச் சேருங்கள்" என்று எழுத்தில் கேட்கலாம். இந்தச் சகோதரர் கேட்கவில்லை. வீட்டுக்காரரைப் பகைக்கக் கூடாதாம்.

2023இல் ஒருவழியாகத் தன் பெயரைச் சேர்த்தார். மனைவியின் பெயரைச் சேர்க்கவில்லை. ஏன் என்று கேளுங்கள். உள்ளூராட்சித் தேர்தல் 2023 மார்ச் 9 என்று அறிவித்திருந்தார்கள். ஊரில் வேட்பாளருக்கு வேலை செய்த ஒருவர் வீடு தேடி வந்து, "தங்கச்சி, பெயரை வெட்டிராதீங்க, ஒரு ஓட்டு ஒரு ஓட்டுத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். காசு இல்லை என்று அந்தத் தேர்தல் தள்ளிப்போனது. கடைசியில் நடந்தது 2025 மே 6இல். அந்தச் சகோதரி கட்டுகஸ்தோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போனார். அதே வருடம் மகளின் விண்ணப்பத்தை நிரப்பும்போது அவருடைய கையில் ஒரு வருடச் சாட்சிகூட இல்லை. கணவருக்கு இரண்டு வருடம். இடாப்பில் தாய் தகப்பன் இருவருடைய பெயரையும் பார்ப்பார்கள்.

நேர்முகத்துக்கு அவர்கள் கொண்டுபோன மற்றக் காகிதங்களைப் பாருங்கள். மின்பட்டியல் வீட்டுக்காரரின் பெயரில். மனைவியின் அடையாள அட்டையில் புசல்லாவை. வங்கிக் கடிதத்திலும் புசல்லாவை. வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையில் அதைவிடக் கிட்டவாக வேறு அரச பாடசாலைகள் இருந்தால் அதற்கும் புள்ளி குறையும், அதுவும் குறைந்தது. பிள்ளைக்கு இடம் கிடைக்கவில்லை. இன்றைக்கு அவள் வேனில் வேறு பக்கம் போய்ப் படிக்கிறாள். வேன் காசை மாதாமாதம் கட்டுவது, ஓட்டுக் கேட்டு வந்தவர் இல்லை.

இந்த விதி நியாயமானதா? முழுக்க இல்லை. சொந்தப் பெயரில் உறுதி வைத்திருக்கிறவனுக்கு வாடகைக்காரனைவிடக் கூடப் புள்ளி. காசுள்ளவன் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு வாங்குகிறான். இதை நாங்கள் ஆசிரியர் கூட்டங்களில் சொல்லியிருக்கிறோம், இன்னும் சொல்வோம். ஆனால் விதி பிழை என்பதற்காகப் போலிக் குத்தகைப் பத்திரம் செய்து கொண்டு வருகிறவர்களுக்கு நாங்கள் துணை போகமாட்டோம். பொய்ப் பத்திரம் பிடிபட்டால் சேர்த்த பிள்ளையையும் பிறகு விலக்கலாம். ஒன்பது வயதில் வகுப்பிலிருந்து எழுப்பப்படுவது தகப்பன் அல்ல. "சேர், ஒரு கடிதம் தாங்க, இவங்க அங்கதான் இருக்காங்க என்று" எனக் கேட்டு வருகிறவர்களே, எங்கள் கடிதத்துக்கு அந்த நேர்முகத்தில் ஒரு புள்ளியும் கிடையாது.

இனி வேலை எந்த ஒழுங்கில் நடக்க வேண்டும் என்று சொல்கிறோம். ஒழுங்கு தவறினால் ஒரு கந்தோர் மற்றக் கந்தோரைக் காட்டிச் சுற்றவிடும். வங்கி கிராம உத்தியோகத்தரின் சான்றிதழைக் கேட்கும், அவர் மின்பட்டியலைக் கேட்பார், மின்பட்டியல் வீட்டுக்காரரின் பெயரில் இருக்கும்.

ஆகவே குடிபோன கிழமையிலேயே புதிய பிரிவின் கிராம உத்தியோகத்தரைப் போய்ப் பாருங்கள். வாடகை ஒப்பந்தத்தின் பிரதி, வீட்டுக்காரரின் மின்பட்டியல் பிரதி, உங்கள் அடையாள அட்டைகள். இவர் உங்களை ஒருதரம் வீட்டில் கண்டுகொண்டால் பிறகு சான்றிதழ் சுலபம். இடாப்புக்கு 2021ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பெப்ரவரி 1ஆம் திகதியில் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. ஜனவரியில் மாறினால் அந்த வருடமே உங்களுடையது. மார்ச்சில் மாறினால் அடுத்த வருடம்தான். ஒன்றிரண்டு மாதம் முன்பின் செய்ய முடிந்தவர்கள் இதைப் பார்த்து லொறி பேசுங்கள்.

படிவத்தைக் கொடுத்ததோடு வேலை முடியவில்லை. பெரும்பாலானோர் விழுகிற குழி இங்கேதான் இருக்கிறது. பழைய ஊரில் நீக்கப்படும் பெயர்கள் ஒரு பட்டியலிலும், புதிதாகச் சேரும் பெயர்கள் இன்னொரு பட்டியலிலும் பார்வைக்கு வைக்கப்படும். புசல்லாவையில் "இவங்க போய்ட்டாங்க" என்று வெட்டிவிடுவார்கள், கண்டியில் சேர்க்க மறந்துவிடுவார்கள். இரண்டு இடத்திலும் இல்லாத ஆளாகிவிடுவீர்கள். தேர்தல் அன்றைக்கு வாக்குச்சாவடியில் நின்றுதான் அது தெரியவரும். பட்டியல் வைக்கப்பட்டிருக்கும் நாட்களில் கிராம உத்தியோகத்தர் அலுவலகத்திலோ பிரதேச செயலகத்திலோ பாருங்கள், elections.gov.lk தளத்திலும் அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டுப் பார்க்கலாம். பெயர் இல்லையென்றால் அந்த நாட்களுக்குள் உரிமைக்கோரிக்கை கொடுக்க வேண்டும். நாட்கள் கடந்தால் அந்த வருடம் போய்விடும்.

அதன் பிறகு அடையாள அட்டை. புதிய அட்டையின் பின்பக்கத்தில் முகவரி அச்சாகியிருக்கிறது. திருத்திய அட்டைக்குக் கிராம உத்தியோகத்தர் வழியாகவே பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அஸ்வெசும எடுக்கிறவர்களும் அதே பயணத்தில் புதிய பிரதேச செயலகத்தில் சொல்லிவிடுங்கள்.

வங்கியைக் கடைசியில் வையுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள். கிராம உத்தியோகத்தரின் சான்றிதழும் அடையாள அட்டையும் இருந்தால் அரை மணித்தியால வேலை. மத்திய கிழக்கில் மகன் வேலை செய்து போட்ட காசு உம்மாவின் பழைய கணக்கில் கிடக்கும், உம்மா மகளோடு கண்டியில் இருப்பார். பத்து வருடம் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாத கணக்கு "கைவிடப்பட்ட சொத்து" ஆகி மத்திய வங்கிக்குப் போகிறது. அதற்கு முன் வங்கி போடும் கடிதம் போய்ச் சேருவது ஆள் இல்லாத புசல்லாவை வீட்டுக்கு. பிறகும் கேட்டு எடுக்கலாம், ஆனால் மௌத்தான பிறகு வாரிசுகள் அலைகிற அலைச்சலை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

பள்ளிக்கூடத்தில் விடுகைப் பத்திரம் வாங்க வரும்போது புதிய பாடசாலையின் சம்மதம் கையில் இருக்கட்டும். இடம் உறுதியாகாமல் விலக்கிக்கொண்டு, பிள்ளை இரண்டு மாதம் வீட்டில் இருந்ததை இந்த வருடமும் கண்டோம்.

தோட்டத்துப் பெற்றோருக்கு ஒரு சொல். லயத்துக்குத் தனி முகவரி இல்லாமல், எல்லாக் கடிதமும் தோட்டக் கந்தோருக்குப் போய் அங்கிருந்து யார் கையிலோ வருகிறது. இது உங்கள் பிழை இல்லை, இத்தனை வருடமாகச் சரிசெய்யாதவர்களின் பிழை. ஆனால் கண்டியில் கடை வேலைக்குப் போன பிள்ளை இன்னும் அந்த முகவரியையே எழுதிக்கொண்டிருக்கிறான். கல்வியியற் கல்லூரி நேர்முகத்துக்கான கடிதம், திகதி முடிந்து ஐந்து நாள் கழித்துக் கைக்கு வந்த எங்கள் மாணவி ஒருத்தி இருக்கிறாள். நல்ல பெறுபேறு. விண்ணப்பத்தில் கண்டியில் வாசலுக்குத் தபால்காரர் வருகிற முகவரியை எழுதியிருக்கலாம்.

புசல்லாவையில் பெயரை நீக்கி அங்கே சேர்க்கக் கடிதம் எழுதத் தெரியாதவர்கள், வெட்கப்படாமல் வியாழக்கிழமை பாடசாலை விட்ட பிறகு எங்களிடம் வாருங்கள். அடையாள அட்டைப் பிரதியும், போன வருட இடாப்பில் உங்கள் வீட்டு இலக்கமும் கொண்டு வந்தால் போதும். கணவன் மனைவி இருவருடைய அட்டையும்.