அடியாத மாடும் அமிக்டலாவும்

"அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று போன வாரம் பீச் போகிற லோக்கல் வண்டியில் ஒரு பெரியவர் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டு வந்தார். பேரனுக்கு ஏழாம் வாய்ப்பாடு வரவில்லையாம். தாம்பரத்தில் ஆரம்பித்த பேச்சு பல்லாவரம் தாண்டுவதற்குள் முடிந்து, அந்தப் பையனுக்கு ஒரு 'ஸ்ட்ரிக்ட்' டியூஷன் முடிவாகிவிட்டது. பெரியவர் என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை. அங்கே சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் சொந்தக் கதை. எட்டாவது படிக்கும்போது சேலையூர் பக்கம் ஒரு மாடி வீட்டில் எனக்கு டியூஷன். கணக்கு தப்பினால் ஸ்டீல் ஸ்கேலால் விரல் முட்டியில் அடி விழும். அந்த மாடிப்படியின் பச்சை பெயிண்ட், ஸ்கேலை மேஜையில் தட்டுகிற சத்தம், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் எல்லாம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. ஆனால் என்ன கணக்குக்கு அடி வாங்கினேன்? சத்தியமாக ஞாபகமில்லை. எனக்கு மெமரி பவர் கம்மி என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நரம்பியல் படிக்க ஆரம்பித்த பிறகுதான் வேறு மாதிரி தோன்றியது. மெமரி நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது, வேறு இடத்தில்!

நரம்பு செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சந்திப்புக்கு சினாப்ஸ் என்று பெயர். 1973ல் பிளிஸ், லோமோ என்ற இருவர் முயல்களை வைத்துச் செய்த ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்குப் போகும் நரம்புப் பாதையில் சில விநாடிகள் மட்டும் வேகவேகமாக மின் துடிப்பு கொடுத்தார்கள். அதற்குப் பிறகு, பழைய அளவு துடிப்புக்கே சினாப்ஸ் கூடுதலாகப் பதில் கொடுத்தது. அந்தக் கூடுதல் அரை மணியிலிருந்து பத்து மணி நேரம் வரை நீடித்தது. இதைத்தான் எல்.டி.பி., அதாவது நீண்டகால வலுவூட்டல் என்கிறோம். கற்றலுக்கு செல் மட்டத்தில் இருக்கும் அடிப்படை இதுதான் என்று பாடப்புத்தகம் சொல்கிறது.

இது எப்படி நடக்கிறது? ஒரு செல் குளூட்டமேட் என்ற ரசாயனத்தை வெளியிடுகிறது. அதை வாங்க அடுத்த செல்லில் இரண்டு வகைக் கதவுகள் உண்டு. ஆம்பா கதவு குளூட்டமேட் பட்டவுடன் திறந்துவிடும். என்.எம்.டி.ஏ. கதவு அப்படியில்லை. அதன் வாயில் ஒரு மெக்னீசியம் அயனி தக்கை மாதிரி அடைத்துக்கொண்டு நிற்கும். குளூட்டமேட்டும் வரவேண்டும், அதே நேரத்தில் செல்லின் மின்னழுத்தமும் உயர்ந்திருக்கவேண்டும். அப்போதுதான் தக்கை விலகி கால்சியம் உள்ளே போகும். அந்தக் கால்சியத்தின் தூண்டுதலால் புதிய ஆம்பா கதவுகள் வந்து பொருத்தப்படுகின்றன. அடுத்த முறை அதே அளவு குளூட்டமேட்டுக்குக் கூடுதல் மின்னோட்டம். எல்.டி.பி. ஆரம்பிப்பது இப்படித்தான்.

இங்கே ஒரு சுவாரஸ்யமான ஆசாமி இருக்கிறார். சில சினாப்ஸ்களில் என்.எம்.டி.ஏ. கதவு மட்டும் இருக்கும், ஆம்பாவே இருக்காது. தக்கை அடைத்திருப்பதால் சாதாரண நிலையில் குளூட்டமேட் வந்தாலும் சத்தமே வராது. இதற்கு 'மௌன சினாப்ஸ்' என்று பெயர். சத்தமே வராததை எப்படிக் கண்டுபிடிப்பது? செல்லின் மின்னழுத்தத்தை மைனஸ் 70 மில்லிவோல்ட்டில் பிடித்து வைத்தால் ஒன்றும் பதிவாகாது. பிளஸ் 40க்கு ஏற்றினால் தக்கை விலகி மின்னோட்டம் தெரிந்துவிடும். பக்கத்து சினாப்ஸ்களால் செல் உசுப்பப்படும் நேரத்தில் இதற்கும் குளூட்டமேட் வந்தால், இதுவும் ஆம்பா வாங்கிக்கொண்டு பேச ஆரம்பித்துவிடும். அதாவது ஒரு மௌன சினாப்ஸ் என்பது எல்.டி.பி.க்காகப் போட்டு வைத்திருக்கும் காலி நாற்காலி.

இப்போது பெங்களூருக்கு வருவோம். அங்குள்ள என்.சி.பி.எஸ். ஆய்வகத்தில் சுமந்த்ரா சட்டர்ஜியின் குழு எலிகளை வைத்து மன அழுத்தத்தைப் பல வருடங்களாக ஆராய்ந்தது. அவர்கள் பயன்படுத்திய முறை எளிமையானது: எலியை தினமும் இரண்டு மணி நேரம் அசைய முடியாமல் கட்டிப்போடுவது, இப்படிப் பத்து நாள். 2002ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், இந்த எலிகளின் ஹிப்போகாம்பஸில் செல்களின் கிளைகள் சுருங்கியிருந்தன. ஆனால் பயத்தைக் கற்றுக்கொள்ளும் அமிக்டலாவில் கிளைகள் வளர்ந்திருந்தன! ஒரே எலி, ஒரே அழுத்தம், நேரெதிர் விளைவு.

2014ல் இதே குழு எல்.டி.பி.யையே அளந்து பார்த்தது. அழுத்தத்துக்கு ஆளான எலிகளின் அமிக்டலாவில் எல்.டி.பி. கூடியிருந்தது. என்.எம்.டி.ஏ. வழியாக வரும் மின்னோட்டமும் கூடியிருந்தது. புதிதாக மௌன சினாப்ஸ்கள் உருவாகியிருப்பதற்கான அடையாளங்களும் தெரிந்தன. கட்டுப்படுத்தும் சினாப்ஸ்களின் பிடி தளர்ந்திருந்தது. அதற்கேற்ப, பயத்தைக் கற்றுக்கொள்ளும் சோதனையில் அந்த எலிகள் மற்ற எலிகளை விட அதிகமாகப் பயந்தன. காலி நாற்காலிகளைப் போட்டு வைத்து, பயம் வந்து உட்காரட்டும் என்று காத்திருந்த மாதிரி.

ஹிப்போகாம்பஸ் பக்கம் என்ன ஆனது? அமெரிக்காவில் 1987ல் வெளியான ஓர் ஆய்வில், அழுத்தத்துக்கு ஆளான எலிகளின் ஹிப்போகாம்பஸில் எல்.டி.பி. குறைந்திருந்தது. பாடத்தின் விவரங்களைப் பதிய வைக்க நமக்கு அவசியமான பகுதி அதுதான்.

ஆக என் கட்சி இதுதான். எல்.டி.பி.க்கு நல்லது கெட்டது தெரியாது. பாடமா பயமா என்று அது பார்ப்பதில்லை. "அடியாத மாடு படியாது" என்பவர்கள், அடித்தால் படிந்துவிடும் என்று கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறார்கள். உண்மையிலேயே ஏதோ படிகிறது. ஆனால் படிவது ஏழாம் வாய்ப்பாடு இல்லை, ஸ்கேல்.

"கொஞ்ச நாளில் மறந்துடுவான்" என்பார்கள். 2004ல் சட்டர்ஜி குழு அதையும் பார்த்துவிட்டது. பத்து நாள் அழுத்தத்துக்குப் பிறகு எலிகளை 21 நாள் நிம்மதியாக விட்டார்கள். ஹிப்போகாம்பஸின் கிளைகள் பழைய நிலைக்குத் திரும்பின. அமிக்டலாவில் வளர்ந்தது வளர்ந்தபடியே இருந்தது, பதற்றமும் போகவில்லை.

எதிர்க் கேள்விகளும் இருக்கின்றன, மறைக்க மாட்டேன். எலி வேறு, எட்டாம் வகுப்புப் பையன் வேறு. தினமும் இரண்டு மணி நேரம் கட்டிப்போடுவதும் ஒரு அடியும் ஒன்றல்ல. பரீட்சைக்கு முன்னால் வரும் லேசான படபடப்பு நினைவுக்கு உதவவும் செய்யலாம். அதை நான் மறுக்கவில்லை. என் ஸ்கேல் கதை ஆதாரமும் ஆகாது. ஆனால் பயமுறுத்தினால் பாடம் நன்றாகப் பதியும் என்று சொல்கிறவர்கள்தான் அதற்கு ஆதாரம் காட்டவேண்டும். தினம் தினம் தொடரும் பயத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த ஆதாரம் எதிர்ப்பக்கமாகத்தான் கை காட்டுகிறது.

பள்ளிகளில் அடிப்பதை 2009ம் வருடக் கல்வி உரிமைச் சட்டமே தடை செய்துவிட்டது. மாடி டியூஷன்களில் கேட்பார் யாரும் இல்லை. அந்தப் பெரியவரை மறுபடி வண்டியில் பார்த்தால் ஒன்றே ஒன்று கேட்கப்போகிறேன்: "தாத்தா, சின்ன வயசுல நீங்க அடி வாங்கினது ஞாபகம் இருக்கா? எந்தக் கணக்குக்குன்னு ஞாபகம் இருக்கா?"

உங்களுக்கு இருக்கிறதா?