திறமைக்குள் மறைந்திருக்கும் சீதனம்

"நான் திறமையில் தெரிவானேன், அவள் மாவட்ட அடிப்படையில்தான்." உயர்தரப் பெறுபேறுகளின் பின்னர் இப்படிச் சொல்லக் கேட்டிருப்போம்.

மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. முதலாவதை மட்டுமே 'திறமை' என்கிறோம். மற்றவை சலுகையாகத் தெரிகின்றன.

இசட் புள்ளி, பாடங்களுக்கிடையிலான கடினத்தின் வேறுபாட்டைச் சமன்செய்யும். வீடுகளுக்கிடையிலான வேறுபாட்டை அது அறியாது. ஒருத்திக்கு ஆய்வுகூடமும், மூன்று பாடங்களுக்கும் பிரத்தியேக வகுப்பும், படித்த பெற்றோரும் இருக்கிறார்கள். மற்றவளின் பாடசாலையில் பௌதிகவியலுக்கு ஆசிரியரே இல்லை. இருவருக்கும் வினாத்தாள் ஒன்றுதான்.

மாவட்ட முறையும் முழுத் தீர்வல்ல. கண்டி நகரின் பெரிய பாடசாலை மாணவிக்கும் அதே மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை மாணவிக்கும் வெட்டுப்புள்ளி ஒன்றே. மாவட்டத்தின் பெயரால் வரும் நன்மையும் பெரும்பாலும் நகரத்துக்கே போய்ச் சேர்கிறது.

1958இல் பிரித்தானிய சமூகவியலாளர் மைக்கல் யங், திறமையே ஆளும் சமுதாயமொன்றைக் கேலியாக எழுதினார். அங்கே வென்றவர்கள் எல்லாமே தமக்குத் தகும் என்று எண்ணுகிறார்கள். தோற்றவர்களுக்கு ஆறுதலுக்கும் இடமில்லை. அந்தக் கேலியை நாம் கொள்கையாக்கிவிட்டோம்.

வென்றவளின் உழைப்பு உண்மையானது. ஆனால், அவள் ஓடத் தொடங்கிய இடம் பெற்றோர் தந்தது. இரண்டையும் 'திறமை' என்று ஒரே சொல்லால் அழைக்கும்போது, ஆசிரியரின்றிப் படித்தவள் தன்னை மக்கு என்று நம்பத் தொடங்குகிறாள். அதுவே பெரிய அநீதி.