ஓய்வுக் கடிதத்தில் கையொப்பமிடுமுன்

பக்கவாதம் வந்து மூன்று மாதமாகியும் வலக்கையைத் தூக்க இயலாதவர். கண்பார்வையை நீரிழிவு மெல்ல மெல்லப் பறித்துக்கொண்டவர். விபத்தில் முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர். இவர்கள் அரசுப் பணியிலோ, மின்வாரியத்திலோ, போக்குவரத்துக் கழகத்திலோ இருப்பவர்கள் என்றால், படுக்கையின் பக்கத்தில் என்றேனும் ஒரு நாள் வெள்ளைத்தாள் ஒன்று வந்துசேர்கிறது. "இனி என்னால் வேலை பார்க்க இயலாது. என்னைப் பணியிலிருந்து விடுவித்து, என் மகனுக்கு ஒரு வேலை தந்து உதவுமாறு பணிந்து வேண்டுகிறேன்." எழுதித் தருபவர் மைத்துனராகவோ, அலுவலக நண்பராகவோ இருப்பார். இத்தகைய கடிதத்தைத் திருத்தித் தருமாறு எங்களிடமும் கேட்டிருக்கிறார்கள். திருத்தித் தர நாங்கள் விரும்புவதில்லை. அதற்கான காரணத்தைச் சொல்வதற்கே இக்கட்டுரை.

பஞ்சாப் மாநில மின்வாரியத்தில் உதவிக் கம்பியாளராக இருந்த ஒருவருக்கு 1994ஆம் ஆண்டு சனவரியில் பார்வை முழுவதும் போயிற்று. அதன்பின் அவரால் பணிக்குச் செல்ல முடியவில்லை. 1996இல் அவர் வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தாம் பார்வையிழந்ததைச் சொல்லி, தம்மை ஓய்வில் விடுக்குமாறும் தம் மனைவிக்கு வேலை கொடுக்குமாறும் கேட்டார். மேலே நாம் கண்ட வெள்ளைத்தாள்தான் அதுவும். வாரியம் கடிதத்தின் முதற்பாதியை ஏற்று அவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டது. தமக்குச் சட்டப் பாதுகாப்பு இருந்தது என்பதை அவர் பின்னரே அறிந்து முறையிட்டபோது, "நீரே கேட்டுப் பெற்ற ஓய்வு" என்று வாரியம் விடையளித்தது. உயர்நீதிமன்றமும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. வழக்கு உச்சநீதிமன்றம் சென்று 2008ஆம் ஆண்டு சனவரியில் முடிவுற்றது. பார்வையை இழந்த ஒருவர், தம் உரிமை இன்னதென்று அறியாத நிலையில் எழுதிய கடிதத்தை அவருக்கு எதிராகப் பயன்படுத்தலாகாது என்றும், சட்ட நிலையை அவருக்கு எடுத்துச் சொல்வது மேலதிகாரிகளின் கடமை என்றும் நீதிமன்றம் கூறி, அவருக்குரிய பணிப் பலன்களை வழங்க ஆணையிட்டது.

அவர் வென்றார். ஆயினும் கடிதத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. அக்கடிதம் இல்லாதிருந்தால் வாரியத்துக்குச் சொல்வதற்கு வாதமே இருந்திராது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

அவர் அறியாதிருந்த உரிமை 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 47ஆம் பிரிவாக இருந்தது. இன்று நடைமுறையில் உள்ள 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 20ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவாக உள்ளது. அதன் பொருள் எளிது. பணிக்காலத்தில் மாற்றுத்திறன் நிலையை அடைந்த ஊழியரை அரசு நிறுவனம் எதுவும் பணியிலிருந்து நீக்கவோ, பதவியிறக்கம் செய்யவோ கூடாது. அவர் வகித்த பதவிக்கு இனி ஏற்றவரல்லர் என்றால், அதே ஊதிய விகிதமும் அதே பணிப் பலன்களும் உள்ள வேறொரு பதவிக்கு அவரை மாற்ற வேண்டும். அத்தகைய பதவி எதுவும் காலியாக இல்லையென்றால், அவருக்கென ஒரு மிகைப் பணியிடத்தை உண்டாக்கி, ஏற்ற பதவி கிடைக்கும் வரையிலோ ஓய்வு பெறும் வயது வரையிலோ அதில் வைத்திருக்கலாம். அரசு நிறுவனம் என்பது கோட்டையையும் ஆட்சியர் அலுவலகத்தையும் மட்டும் குறிக்காது. அரசுக்குச் சொந்தமான கழகங்களும் வாரியங்களும் அரசு உதவி பெறும் அமைப்புகளும் அதற்குள் அடங்கும்.

இது நடைமுறையில் எவ்வாறு அமையும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். நாற்பத்தாறு வயதுப் பேருந்து ஓட்டுநர் ஒருவருக்குப் பக்கவாதம். வலப்பக்கம் தளர்ந்துவிட்டது. ஈட்டிய விடுப்பும் மருத்துவ விடுப்பும் தீர்ந்து, சம்பளமில்லா விடுப்பில் ஐந்தாம் மாதம் நடக்கிறது. பணிமனையிலிருந்து அவரை மருத்துவக் குழுவுக்கு அனுப்புகிறார்கள். குழு கொடுக்கும் சான்றில் "பணிக்குத் தகுதியற்றவர்" என்று இரண்டே சொற்கள் இருந்தால், அவற்றைக் கொண்டே அவருடைய கோப்பை மூடிவிட நிர்வாகத்தால் இயலும். "கனரக வாகனம் ஓட்டத் தகுதியற்றவர், அமர்ந்து செய்யும் வேலை, இடக்கையால் எழுதுதல், தொலைபேசி வழிப் பணி ஆகியவற்றைச் செய்ய வல்லவர், ஆறு மாதங்களுக்குப் பின் மறு ஆய்வு தேவை" என்று இருந்தால், நிர்வாகம் வேறு வேலை தேடியே ஆக வேண்டியவராக அவர் ஆகிறார். நோய் ஒன்றே, சான்றின் சொற்கள் வேறு. இங்கே மருத்துவர்களாகிய எங்களுக்கும் பொறுப்பு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். நெரிசல் மிகுந்த வெளிநோயாளர் பிரிவில் சுருக்கமாக எழுதிவிடும் பழக்கம் எங்களிடமும் இருக்கிறது. ஆதலால் சான்று வாங்க வரும்போது, நோயாளி பார்த்த வேலை என்ன, இப்போது எவற்றைச் செய்ய முடிகிறது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். உடலியக்க மருத்துவரின் மதிப்பீட்டையும் உடன் வையுங்கள்.

சான்று கிடைத்தபின், மாற்றுப் பணி கோரும் விண்ணப்பம் ஒன்றை எழுத்தில் கொடுக்க வேண்டும். அதில் ஓய்வு என்ற சொல்லே வரக்கூடாது. "பணியில் தொடர விரும்புகிறேன்; என் உடல்நிலைக்கு ஏற்ற பணியை அதே ஊதியத்தில் வழங்க வேண்டுகிறேன்" என்பதே போதும். நிர்வாகம் என்ன செய்ய வேண்டும்? பணிமனையில் காலக்காப்பாளர் வேலை, பயணச்சீட்டுக் கணக்குப் பிரிவு, உதிரிபாகக் கிடங்கு, முன்பதிவு மையம் எனப் பலவும் உண்டு. அவற்றுள் எவற்றை ஆராய்ந்தார்கள், எது ஏன் பொருந்தவில்லை என்பது கோப்பில் இருக்க வேண்டும். "காலியிடம் இல்லை" என்ற ஒற்றை வரி தேடியதற்குச் சான்றாகாது. காலியிடம் இல்லாத நிலைக்காகத்தான் மிகைப் பணியிடமே சட்டத்தில் சொல்லப்பட்டிருக்கிறது.

2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இதை நன்கு காட்டுகிறது. தெலங்கானா மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழக ஓட்டுநர் ஒருவருக்கு நிறக்குருடு இருப்பது தெரியவந்தது. அவர் மாற்றுப் பணி கேட்டார். கழகம் மறுத்து, மருத்துவக் காரணத்தால் ஓய்வளித்தது. மாற்றுப் பணிக்காக உண்மையான முயற்சி எதுவும் எடுக்காமல் ஓய்வளித்தது செல்லாது என்று நீதிமன்றம் கூறிற்று. அதே ஊதிய நிலையில் ஏற்ற பணி வழங்கவும், நிலுவையில் 25 விழுக்காடு கொடுக்கவும் ஆணையிட்டது. தமிழ்நாட்டிலும் நிறக்குருடான போக்குவரத்துக் கழக ஓட்டுநர் ஒருவருக்கு 2006இலேயே சென்னை உயர்நீதிமன்றம் 47ஆம் பிரிவின் பயனை வழங்கியிருக்கிறது.

"ஓய்வூதியந்தான் வருமே, பிறகென்ன?" என்று உறவினர் கேட்பதுண்டு. பணியின்போது காயமுற்று இடக்காலை இழந்த ஒரு காவலரின் வழக்கில், இயலாமை ஓய்வூதியம் பெறுகிறார் என்பதைக் காட்டி இவ்வுரிமையை மறுக்கலாகாது என்று 2003ஆம் ஆண்டிலேயே தீர்ப்பாகிவிட்டது. மகனுக்கோ மனைவிக்கோ வேலை என்ற நம்பிக்கையைப் பொறுத்தவரை, கருணை அடிப்படையிலான பணி என்பது விதிகளுக்கும் காலியிடத்துக்கும் உட்பட்டது. அதை உரிமையாகக் கேட்டுப் பெற முடியாது என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. கையில் இருக்கும் உரிமையை விட்டு, வருமோ வராதோ என்று தெரியாத சலுகைக்குக் காத்திருப்பதை எங்களால் அறிவுறுத்த இயலாது. குடும்பம் கூடிப் பேசி அப்படியும் முடிவெடுக்கலாம்; ஆனால் அதைத் தெரிந்து எடுக்க வேண்டும்.

இன்னொரு கண்ணியும் உண்டு. நீண்ட விடுப்பின் நடுவே வரும் குறிப்பாணையில் "அனுமதியின்றிப் பணிக்கு வராமை" என்ற சொற்றொடர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நோயாளியின் இயலாமை ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றமாக மாற்றப்படுகிறது என்று பொருள். நோயாளி மயக்கத்தில் இருக்கிறார் என்பதற்காக அதை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். குறிப்பாணையில் சொல்லியுள்ள நாளுக்குள், மருத்துவமனையில் சேர்த்த நாள், சிகிச்சைக் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றின் நகல்களோடு மனைவியோ மகளோ பதில் எழுதி, ஒப்புகையுடன் அஞ்சலில் அனுப்பிவிட வேண்டும். நேரில் கொடுப்பதானால் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். விடுப்பு நீட்டிப்புக்கான மருத்துவச் சான்றும் இடைவெளி இல்லாமல் தொடர்ந்து போக வேண்டும். இரண்டு சான்றுகளுக்கு நடுவே பத்து நாள் விட்டுப்போனால் அந்தப் பத்து நாளே வழக்காகிறது.

இப்பாதுகாப்புக்கு எல்லையும் உண்டு. நீடித்த குறைபாடு உள்ளவருக்கே அது பொருந்தும். சில மாதங்களில் குணமாகும் நோய்க்கு விடுப்பு விதிகளே துணை. குறைபாடு நிலைத்துவிட்டது என்றால், மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். மாற்றுப் பணியை மறுத்தால், ஒவ்வோர் அரசு நிறுவனமும் 23ஆம் பிரிவின்படி அமர்த்தியிருக்க வேண்டிய குறைதீர் அலுவலரிடம் முறையிடலாம். பதிவான புகாரை அவர் இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். அதற்கு அப்பால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார்.

தனியார் ஆலையிலும் கடையிலும் வேலை பார்ப்போர்க்கு 20ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு கிடைப்பதில்லை என்பது எங்கள் மனத்தை உறுத்தும் செய்தி. ஈ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவர்கள் நோய்க்காலப் பணப்பலன் பெறும் நாள்களில் பணிநீக்கம் செய்யப்படுவதற்கு எதிரான தடை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 73ஆம் பிரிவில் வைக்கப்பட்டது. ஆனால் அது பலன் பெறும் காலத்துக்கான தடை. வேறு வேலை தேடித் தரும் கடமையை அது சொல்லவில்லை. அரசுப் பேருந்து ஓட்டுநரின் கையும் தனியார் பேருந்து ஓட்டுநரின் கையும் ஒரே நோயால் தளர்கின்றன. பெரிய தனியார் நிறுவனங்களுக்கேனும் மாற்றுப் பணி தேடும் கடமையைச் சட்டம் விரிவுபடுத்த வேண்டும் என்பது எங்கள் கருத்து. அது வரும்வரை, தனியார் ஊழியரும் மேற்சொன்ன சான்றையும் விண்ணப்பத்தையும் அவ்வாறே கொடுத்து வைப்பது நன்று. நல்ல முதலாளிக்கு அது வழிகாட்டும். மற்றவரோடு தொழிலாளர் அலுவலரிடம் செல்ல நேர்ந்தால் கையில் தாள் இருக்கும்.

வெள்ளைத்தாள் ஏற்கெனவே போய்விட்டது என்றால்? ஏற்பு ஆணை வரும் முன்பே "அக்கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன், மாற்றுப் பணி வேண்டுகிறேன்" என்று உடனே எழுதுங்கள். அந்தக் கடிதத்தைத் திருத்தித் தர நாங்கள் மறுக்க மாட்டோம்.