மூணு வரிக் கடிதம்

வேலைக்குப் போனதும் திட்ட மேலாளரிடமிருந்து ஒரு கடிதம் வரும். இவ்வளவு பணம், இத்தனை ஆள், இந்தத் தேதி: மூணே வரி. நாலாவதாக இன்னொரு வரியும் வேண்டும் என்பது என் வாதம். நிலம் என்றைக்குக் கைக்கு வரும்?

கால்வாய் வெட்ட 10 ஆள், 30 நாள் என்று வைத்துக்கொள்வோம். ஆக 300 ஆள்நாள். ஆனால் மூன்றில் ஒரு பங்கு நிலம் 25 நாள் கழித்துத்தான் கிடைக்கிறது. கையிலிருக்கும் இடத்தை 20 நாளில் வெட்டிவிட்டு 5 நாள் சும்மா உட்காரணும், கூலி நிற்காது. அப்புறம் தேதியைக் காப்பாற்ற 20 ஆள் போட்டாலும், பத்தே ஆளோடு 35 நாள் இழுத்தாலும் கூலி 350 ஆள்நாளுக்குத்தான்.

நம்ம தாமிரபரணி - கருமேனியாறு - நம்பியாறு இணைப்பையே பாருங்க. 2009-இல் 369 கோடி மதிப்பீட்டில் தொடங்கிய வேலை. நில எடுப்பு இழுத்தது. 2025 பிப்ரவரியில் திறந்தபோது செலவு 1,060 கோடியைத் தாண்டியிருந்தது. விலைவாசியும் ஏறியதுதான், ஆனால் தேதி தள்ளத் தள்ளத்தானே அந்த ஏற்றமும் கணக்கில் சேர்ந்தது?

ஆகவே, கடிதத்தில் கையெழுத்துப் போடுமுன் அந்த நாலாவது வரியைக் கேளுங்கள்.